பொடியா, எண்ணெயா, காப்பியா: ஐயாயிரம் ரிங்கிட்டை எதில் போடுவது?

என் நாத்தனாருக்குப் பிறை தொழிற்பேட்டையில் பதினெட்டு வருடத்து வேலை போய்விட்டது. கையில் வந்த தொகையில் கடன்களை அடைத்தது போக ரிங்கிட் 5,000 மிஞ்சியது. "அண்ணி, நீங்கள் பொடி அரைத்துக் கொடுக்கிறீர்கள். நான் செக்கெண்ணெய் எடுக்கலாமா, இல்லை ஃபில்டர் காப்பித்தூள் போடலாமா? பொடியிலேயே இறங்கினால் உங்களுக்குப் போட்டியாகிவிடாதா?" என்று கேட்டாள். போட்டியைப் பற்றி எனக்குக் கவலையில்லை. பட்டர்வொர்த்தில் நான் ஒன்பது வருடமாகக் கறித்தூள் கட்டிக் கொடுக்கிறேன். அவள் இருப்பது புக்கிட் மெர்தாஜாம் பக்கம். ஆனால் அவள் கேள்வியைத் தொடங்கிய இடம் சரியில்லை என்று பட்டது. மூன்றிலும் கிலோவுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று ஒரு தாளில் கணக்கெழுதிக் கொண்டு வந்திருந்தாள். விற்காமல் நின்றுபோனால் எது எத்தனை நாளில் கெடும், கெட்டதை யார் தலையில் கட்டுவது என்ற கணக்கு அதில் இல்லை.

இந்த மூன்றும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் கெடுகிற விதம் வேறு வேறு. மசாலாப் பொடி ஈரத்தால் கெடும். எண்ணெய் வெளிச்சத்தாலும் காற்றாலும் காறும். காப்பித்தூள் வெறும் காலத்தாலேயே செத்துப்போகும். யாரும் தொடாமல் வைத்திருந்தாலும் மணம் போய்விடும். பினாங்கு மாதிரி ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் நிற்கும் ஊரில் இந்த வித்தியாசம்தான் தொழிலைத் தீர்மானிக்கிறது.

முதலில் அவள் மிகவும் ஆசைப்பட்ட எண்ணெய். இணையத்தில் ஒரு சிறிய இயந்திரம் பார்த்து வைத்திருந்தாள், விலை ரிங்கிட் 1,800. மணிக்கு மூன்று நான்கு கிலோ பிழியும் என்று போட்டிருந்தது. நிலக்கடலையை வைத்துக் கணக்குப் பார்த்தோம். அவளுக்குக் கிடைத்த விலை கிலோ 9 ரிங்கிட். பத்துக் கிலோ கடலைக்கு 90. நல்ல கடலையாக இருந்தால் எடையில் நாற்பது விழுக்காடு எண்ணெய் இறங்கும், அதாவது நான்கு கிலோ. எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது என்பதால் நான்கு கிலோ ஏறக்குறைய நான்கேகால் லிட்டருக்குச் சற்று அதிகமாக வரும். லிட்டருக்குக் கடலைக் காசு மட்டும் 21 ரிங்கிட்டை ஒட்டி நிற்கிறது. இதன்மேல் புட்டி, மின்சாரம், மூன்று மணி நேர உழைப்பு. மானிய விலையில் ஒரு கிலோ சமையல் எண்ணெய்ப் பொட்டலம் 2 ரிங்கிட் 50 காசுக்குக் கிடைக்கிற நாட்டில், பக்கத்து வீட்டில் போய் 28 ரிங்கிட் என்று சொல்ல வேண்டும். வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் தெருவுக்கு ஒன்றிரண்டு வீடுதான்.

அவள் கணக்கில் விட்டது இன்னொன்று. பத்துக் கிலோ கடலையில் நான்கு கிலோ எண்ணெய் என்றால் மீதி ஆறு கிலோ எங்கே? புண்ணாக்கு. தமிழ்நாட்டில் செக்கு வைத்திருப்பவருக்குப் புண்ணாக்கும் ஒரு வருமானம். மாட்டுக்காரர் வாசலில் வந்து நின்று வாங்கிப் போவார், கடலைக் காசில் ஒரு பகுதி அதிலேயே திரும்பிவிடும். இங்கே குடியிருப்புத் தாமான் வீட்டில் அது மூட்டையாகச் சேரும். இரண்டு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். மாடு வைத்திருப்பவர் ஒருவரை அவளுக்குத் தெரியும் என்றாள். ஒருவர் போதாது.

இயந்திரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். மரச்செக்கு மெதுவாகச் சுற்றுவதால் சூடு அதிகம் ஏறுவதில்லை. வீட்டுக்கென்று விற்கும் சிறிய திருகு இயந்திரங்கள் பலவற்றில் உருளையைச் சூடாக்கிய பிறகுதான் எண்ணெய் சரியாக இறங்கும். தெரிந்த ஒருவர் வீட்டில் அப்படி ஒன்று ஓடுவதைப் பார்த்தேன். குழாயில் வந்த எண்ணெயில் விரல் வைக்க முடியவில்லை. அதைப் புட்டியில் ஊற்றிச் செக்கெண்ணெய் என்று ஒட்டுத்தாள் எழுத என் கை வராது. நாத்தனாருக்கும் வராது என்றுதான் நினைக்கிறேன்.

எண்ணெய் உடனே விற்கிற சரக்கும் அல்ல. பிழிந்ததை மூடிய பாத்திரத்தில் இரண்டு மூன்று நாள் அசைக்காமல் வைத்தால்தான் கசடு அடியில் தங்கும். பொறுமையில்லாமல் ஊற்றினால் அந்தக் கசடும் அதில் ஒட்டியிருக்கும் ஈரமும் புட்டிக்குள்ளேயே போய்விடும். எள்ளுக்கு வெல்லமோ கருப்பட்டியோ போட்டு நீர் தெளித்து ஆட்டுவதால் நல்லெண்ணெயில் இந்தத் தொல்லை இன்னும் கூடுதல். கடைக்காரர் அந்தப் புட்டியை வெயில் விழும் முன்வரிசையில், அழகாகத் தெரியட்டும் என்று வைப்பார். கொஞ்ச நாளில் மூடியைத் திறந்தாலே பழைய பெயிண்டு மாதிரி ஒரு காறல் வாடை வரும். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து முகர்ந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஆகவே 5,000 ரிங்கிட்டுக்கு எண்ணெய் வேண்டாம் என்று சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. அவள் அம்மா ஊரில் செக்கெண்ணெய் வாங்கிக்கொண்டு வந்த ஞாபகம் இந்த ஆசைக்குப் பின்னால் இருந்தது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

காப்பி வேறு கதை. அதில் எனக்கும் ஒரு சபலம் உண்டு, எங்கள் வீட்டில் காலையில் டிக்காக்‌ஷன் இறங்காவிட்டால் யாரும் பேசமாட்டார்கள். பச்சைக் கொட்டையை வாங்கி வறுப்பதைப் பற்றி அவள் யோசித்திருந்தாள். முதல் வருடத்தில் வேண்டாம் என்றேன். வறுத்தால் எடையில் ஆறில் ஒரு பங்கு போகும், புகை தெருவெங்கும் பரவும், ஒரு நிமிடம் கவனம் தவறினால் மொத்தமும் கருகும். வறுத்த கொட்டையாக வாங்கி அரைத்துக் கொடுப்பதே போதும். ஆனால் கொட்டையை எங்கே வாங்குகிறோம் என்பதில் கவனம் வேண்டும். இங்கே பாலில்லாத கறுப்புக் காப்பியான கோப்பி ஓவுக்கு வறுக்கிறவர்கள் கொட்டையோடு சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கறுப்பாக வறுப்பார்கள். அது அவர்கள் பானத்துக்குச் சரி. ஃபில்டரில் போட்டால் பிசுபிசுவென்று துளையை அடைத்துக்கொள்ளும், பாலோடு சேர்ந்தால் கருகிய சீனியின் ருசிதான் நிற்கும். எதுவும் சேர்க்காமல் வறுத்த அரபிகா, அதுவும் நடுத்தரப் பதம், என்று கேட்டு வாங்க வேண்டும்.

அரைப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மசாலா அரைக்கும் மில்லில் காப்பியை அரைக்க முடியாது. மிளகாய் வாடை ஏறும் என்பது ஒரு காரணம். சுத்தியல் போல அடித்து நொறுக்கும் அந்த இயந்திரம் ஒரே சீரான தூளைத் தராது என்பது அதைவிடப் பெரிய காரணம். பாதி குருணை, பாதி மாவு. மாவு ஃபில்டரின் துளையை அடைக்கும், குருணையில் சாறு இறங்காது. இரண்டு பற்சக்கரங்களுக்கு நடுவே கொட்டையை நசுக்கும் காப்பி அரைவை இயந்திரம் தனியாக வேண்டும். உறுதியானது ஒன்று அவளுக்கு ரிங்கிட் 1,200க்குக் கிடைத்தது. பதம் சரியா என்று பார்க்க வேறு கருவி தேவையில்லை. வெந்நீர் ஊற்றிய பிறகு டிக்காக்‌ஷன் பத்து நிமிடத்துக்கும் இருபது நிமிடத்துக்கும் இடையில் இறங்கி முடிந்தால் பதம். ஐந்தே நிமிடத்தில் கடகடவென்று இறங்கினால் தூள் பருமன். அரை மணி நேரம் கழித்தும் மேலே தண்ணீர் நின்றால் தூள் நைசு, அல்லது சிக்கரி அதிகம்.

கணக்கு இப்படி வந்தது. கொட்டை கிலோ 55 ரிங்கிட், சிக்கரி 25. எண்பதுக்கு இருபது என்று கலந்தால் 200 கிராம் பொட்டலத்துக்குச் சரக்கு 9 ரிங்கிட் 80 காசு, பை 90 காசு. பதினைந்துக்கு விற்றால் 4 ரிங்கிட் 30 காசு மிச்சம். இரண்டு பேர் நாளைக்கு ஒரு தம்ளர் வீதம் குடிக்கும் வீட்டில் 200 கிராம் பத்து நாள் வரும். இந்தப் பத்து நாள்தான் விஷயமே. அரைத்த காப்பித்தூளின் உயிர் கிட்டத்தட்ட இரண்டு வாரம். அதற்குப் பிறகு அது கெட்ட பொருளாகாது, ஆனால் கடையில் கிடைக்கும் எந்தத் தூளுக்கும் மேலாகவும் இராது. அப்புறம் எதற்கு அவளிடம் வாங்க வேண்டும்? பத்து நாளுக்கொரு முறை, சொல்லிவைத்த வீடுகளுக்கு மட்டும் அரைத்தால் அவள் தூளை யாராலும் ஜெயிக்க முடியாது. பன்னிரண்டு வீடு சேர்ந்தால் ஒரு நடைக்கு இரண்டரைக் கிலோகூட இல்லை; சரக்குக்கு 120 ரிங்கிட்டுக்குள் போதும், பணம் பத்தே நாளில் திரும்பும். நடைக்கு ஐம்பது, மாதத்துக்கு நூற்று ஐம்பது ரிங்கிட் சொச்சம் மிஞ்சும். சிறிய தொகைதான். ஆனால் அதில் ஒரு பொட்டலமும் தேங்காது.

அதே தூளைக் கடையில் வைத்தால் கதை தலைகீழ். மூன்றாவது வாரத்திலிருந்து ஒவ்வொரு பொட்டலமும் உங்கள் பெயரைக் கெடுத்துக்கொண்டு அடுக்கில் உட்கார்ந்திருக்கும். அரைத்த சூட்டோடு வாயை அடைத்தால் தூளிலிருந்து வெளிவரும் வாயுவால் பை பலூனாக உப்பும். கடைக்காரர் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திருப்பி அனுப்புவார். காற்று வெளியே போக மட்டும் வழிவிடும் சிறு வால்வு வைத்த பை வாங்கினால் இது நடக்காது. சிக்கரியோ ஈரத்தை இழுக்கும் சாதி. திறந்த டப்பாவில் ஒரு வாரம் வைத்தாலே கட்டிதட்டும். அதனால் அதைக் கிலோ கணக்கில் வாங்கி அடுக்க வேண்டாம்.

இனி நான் அறிந்த பொடி. பத்துக் கிலோ இறைச்சிக் கறித்தூளுக்கு என் அளவு மல்லி 5 கிலோ, காய்ந்த மிளகாய் இரண்டரை, சோம்பு 700 கிராம், சீரகமும் மஞ்சளும் அரைக்கிலோ வீதம், மிளகு 400, பட்டை கிராம்பு ஏலம் அன்னாசிப்பூ எல்லாம் சேர்த்து 300, வெந்தயம் 100. அண்மையில் வாங்கியபோது சரக்கு 151 ரிங்கிட் ஆனது. பத்துக் கிலோ போட்டால் பத்துக் கிலோ வராது என்பதை நாத்தனார் நம்பவில்லை. மிளகாய்க் காம்பு கிள்ளுவதில் ஒரு பங்கு, வறுக்கும்போது ஈரத்தில் ஒரு பங்கு, மில்லின் உள்ளே ஒட்டிக்கொள்வதில் ஒரு பங்கு என்று ஒரு கிலோ போய்விடும். ஒன்பது கிலோ கையில் வரும், 250 கிராமில் 36 பொட்டலம். மில் கூலி 20, பை 18, எரிவாயுவும் போக்குவரத்தும் 15 என்று மொத்தம் 204. பொட்டலம் ஒன்றுக்கு அடக்கம் 5 ரிங்கிட் 67 காசு. கடைக்கு ஏழரைக்குக் கொடுத்தால் முப்பத்தாறுக்கும் சேர்த்து 66 ரிங்கிட். பக்கத்து வீடுகளுக்கு ஒன்பதுக்குக் கொடுத்தால் 120. ஒன்றரை நாள் வேலை.

தாளில் பார்த்தால் கடை வியாபாரம் ஏமாற்றமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றில் கடை அடுக்கில் மூன்று மாதம் தாக்குப்பிடிப்பது இது ஒன்றுதான், அதுவும் சரியாகக் காயவைத்தால். நவம்பர் மழையில் ஒருமுறை நான் அவசரப்பட்டேன். மில்லிலிருந்து தூள் கைசுடும் சூட்டில் வந்தது. கடைக்காரர் காத்திருக்கிறார் என்று வீட்டுக்கு வந்த உடனே கட்டி வாயை அடைத்துவிட்டேன். உள்ளே சூடு தணிந்தபோது நீராவி பையின் உட்புறத்தில் வேர்த்தது. இரண்டு வாரத்தில் 23 பொட்டலம் திரும்பி வந்தன, உள்ளே கட்டி, முகர்ந்தால் பழைய சாக்கு வாடை. அதிலிருந்து தூளை வெள்ளைத் துணியில் ஓர் அங்குல உயரத்துக்குப் பரப்பி, மின்விசிறியை நேரே அதன்மேல் விடாமல், நாலைந்து மணி நேரம் ஆறவிட்டுத்தான் கட்டுகிறேன். முழுதாக ஆறியதா என்பதற்குக் கை போதும், மேலே அல்ல, குவியலின் நடுவே விட்டுப் பார்க்க வேண்டும்.

அரைப்பதற்கு முன்னும் ஒரு சோதனை உண்டு. மிளகாயைக் காதருகே ஆட்டினால் விதை சலசலக்க வேண்டும், வளைத்தால் ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது. மல்லியைப் பல்லில் வைத்தால் படீரென்று உடைய வேண்டும். மழை மாதங்களில் இங்கே வெயிலை நம்ப முடியாது. நான் ஓவனில் 60 டிகிரியில் மிளகாயை வைத்து எடுக்கிறேன். மல்லியை வறுக்காமல் பச்சையாக அரைப்பவர்களுக்கு இன்னொரு வேதனை காத்திருக்கிறது. இரண்டாவது மாதத்தில் பையில் ஊசி குத்தியது போலத் துளை விழும், உள்ளே சின்னஞ்சிறு பழுப்பு வண்டு ஊரும். முட்டை மல்லியோடேயே வந்ததாக இருக்கும். சூடேற வறுத்தால் அது சாகும்.

சொந்தமாக இயந்திரம் வாங்கலாமா என்று கேட்டாள். முதல் வருடம் கூலிக்கு அரைப்பதே மேல். இரண்டு குதிரைச் சக்தி இயந்திரம் வீட்டு மின்சாரத்தில் ஓடும்தான். ஆனால் அதன் சத்தத்துக்கும் மிளகாய் நெடிக்கும் அண்டை வீட்டார் ஒரு வாரத்தில் கதவைத் தட்டுவார்கள், முதல் வாடிக்கையாளர்களே அவர்கள்தான் என்பதை மறக்கக் கூடாது. கூலி மில்லில் ஒரே ஒரு எச்சரிக்கை: நமக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேட்க வேண்டும். காய்ந்த இறால் அரைத்த மில்லில் அடுத்து நம் சாம்பார் பொடி போனால், அசைவம் தொடாத வீட்டில் அது தெரிந்துவிடும். நான் அரைக்கிலோ பச்சரிசியை முதலில் ஓடவிடச் சொல்வேன், அந்த மாவை எடுத்துக்கொள்வதில்லை. சனிக்கிழமை போகாமல் செவ்வாய் காலை முதல் ஆளாகப் போனால் இந்தச் சங்கடமே வராது.

பை விஷயத்தில் ஐந்து காசு பார்க்கக் கூடாது. சாதாரண மெல்லிய பிளாஸ்டிக்கில் மணம் வெளியே கசியும், ஈரம் உள்ளே வரும். அலுமினியப் படலம் ஒட்டிய பைதான் சரி. தூள் தெரியட்டும் என்று கண்ணாடி ஜன்னல் வைத்த பை கேட்பார்கள். கடையின் குழல்விளக்கிலேயே மிளகாயின் சிவப்பு அந்த ஜன்னல் அளவுக்கு வெளுத்துப்போகும்.

சட்ட வேலை மூன்றுக்கும் ஒன்றே என்பதால் அது இந்த முடிவை மாற்றாது. வணிகப் பதிவு, சுகாதார அமைச்சில் உணவு தயாரிக்கும் இடத்தின் பதிவு, ஊராட்சி மன்ற அனுமதி, உணவு கையாளும் பயிற்சி, டைபாய்டு ஊசி, மலாய் மொழியில் ஒட்டுத்தாள். ஒட்டுத்தாளில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: கடையில் கட்டியாகவோ தூளாகவோ விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். சாம்பார் பொடியில் அதைச் சேர்த்தால் கோதுமை என்று எழுதியாக வேண்டும், நிலக்கடலை எண்ணெய்க்குக் கடலையை எழுதுவது போலவே.

கடைசியில் அவளுக்கு நான் சொன்னது இதுதான். கடைகளுக்குப் பொடி, வீடுகளுக்குக் காப்பி, இரண்டையும் மாற்றிப் போடக் கூடாது. முதல் மூன்று மாதம் கறித்தூள் மட்டும், கூலி மில், மூன்றே கடை, ஒரு கடைக்குப் பன்னிரண்டு பொட்டலத்துக்கு மேல் வேண்டாம். வாரம் ஒருமுறை போய்ப் பார்த்து, பழையதை முன்னால் நகர்த்திப் புதியதைப் பின்னால் வைக்க வேண்டும். கடைக்காரர் இதைச் செய்யமாட்டார். விற்ற பிறகுதான் காசு தருவேன் என்று சொல்லும் கடை இருந்தால் ஆறு பொட்டலத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பொடி வாங்கும் வீடுகளில் யார் ஃபில்டர் வைத்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே வந்து, பத்து வீடு சேர்ந்த பிறகு அந்த 1,200 ரிங்கிட் இயந்திரத்தை வாங்கட்டும். அதுவரை ஐயாயிரத்தில் முக்கால்வாசி வங்கியில் கிடக்கும். அவளுக்கு அது பிடிக்கவில்லை, பணம் சும்மா கிடப்பதாகத் தெரிகிறது.

எண்ணெயை முழுக்க விட்டுவிட அவளுக்கு மனமில்லை. பாகான் டத்தோவில் அவளுடைய சித்தப்பாவுக்குக் கொஞ்சம் தென்னை இருக்கிறது. தேங்காய் கைக்காசு இல்லாமல் வந்தால் கணக்கு மாறும். நன்றாகக் காய்ந்த கொப்பரையில் எடையில் பாதிக்கு மேல் எண்ணெய் இருக்கிறது, கடலையைவிட எவ்வளவோ மேல். தேங்காய்ப் புண்ணாக்கைக் கோழி வளர்ப்பவர்களும் வாங்குவார்கள். ஆனால் கொப்பரை ஒடித்தால் படக்கென்று ஒடிகிற அளவு காய வேண்டும், பச்சை ஈரம் இருந்தால் பூஞ்சைதான். சித்தப்பா இப்போது காயை மொத்தமாகத் தேங்காய்ப்பால் வியாபாரிக்கு விற்கிறார். வருகிற தீபாவளிக்குப் போகும்போது, காயவைக்க அங்கே இடமும் ஆளும் இருக்கிறதா என்று கேட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.